காலி ஹாலில் சோபா ஏன் மிதக்கிறது: படத்தில் சாமான் வைக்கும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கோத்தகிரியில் விற்பனைக்கு வந்த ஒரு பழைய பங்களாவின் ஹாலை வைத்தே இதை எழுதுகிறேன். பளபளவென்று ரெட் ஆக்சைடு தரை, இடது சுவரில் உயரமான கதவு, எதிர்ச் சுவரில் மூன்று பக்கமாக வெளியே துருத்தி நிற்கும் பே விண்டோ, ஒரு மூலையில் கணப்பு. சாமான் ஒன்றுகூட இல்லை. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோவை, சென்னைக்காரர்கள். முதலில் போனில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மலையேறலாமா என்று முடிவு செய்வார்கள். "காலியா இருந்தா குடோன் மாதிரி தெரியுது தம்பி, நாலு சோபா போட்டுக் குடு" என்றார் புரோக்கர் அண்ணன். நாலு சோபா போட்டேன். பார்த்துவிட்டு, "என்னமோ இடிக்குதே" என்றார். எது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று எனக்கும் தெரியவில்லை.

கண்ணுக்கு இடிக்கும், காரணம் பிடிபடாது. இந்த வேலையின் தொல்லையே அதுதான். அதனால் என்ன கண்ணுக்குப் படுகிறதோ அதிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போவோம். நான் பயன்படுத்துவது இரண்டு இலவச மென்பொருள்கள். படத்திலிருந்து கேமரா நின்ற இடத்தையும் கோணத்தையும் கண்டுபிடிக்க fSpy. அந்தக் கேமரா வழியாகச் சாமானை வைத்து ரெண்டர் எடுக்க Blender. கடைசியில் ஒட்டுவது GIMP-இல். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கோளாறுகள் இவைதான், பட்டன்களின் பெயர் மட்டும் மாறும்.

படத்தின் விவரம் இவ்வளவுதான். போனின் 1x கேமரா, 4000 × 3000 பிக்சல், ட்ரைபாடு. லென்ஸ் தரையிலிருந்து சரியாக 4 அடி உயரத்தில் இருப்பதை டேப் வைத்து அளந்தேன். போனை முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக வைத்தேன். இந்த இரண்டையும் படம் எடுக்கும்போதே செய்துவிட்டால் பின்னால் பாதித் தலைவலி இல்லை.

அறிகுறி 1: சோபா மிதக்கிறது, அல்லது முன்பக்கமாகச் சரிகிறது

நிழல் போட்டும் மிதக்கிறது, நகர்த்தியும் மிதக்கிறது என்றால் நிழலைத் திட்டாதீர்கள். சோபாவைப் பார்த்த கண்ணின் உயரமும் அறையைப் பார்த்த கண்ணின் உயரமும் வேறாக இருக்கின்றன. கடை கேட்டலாக்கிலிருந்து வெட்டி எடுத்த படத்தை ஒட்டும்போது இது கிட்டத்தட்ட கட்டாயம் வரும். அந்த சோபாவை யாரோ முழங்கால் உயரத்திலோ ஏணி மேலிருந்தோ எடுத்திருப்பார்கள்.

சோதிக்க மென்பொருளே வேண்டாம். கேமரா மட்டமாக இருந்தால் படத்தின் நட்டநடுவே, கிடைமட்டமாக ஒரு கோடு போடுங்கள். நம் படத்தில் அது மேலிருந்து 1500-ஆவது பிக்சல். இதைக் கண்மட்டக் கோடு என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் எந்த இடமானாலும், தரையிலிருந்து கேமரா உயரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் இந்தக் கோட்டில்தான் விழும். பக்கத்தில் உள்ள தூணும் தூரத்தில் உள்ள கதவும் 4 அடி உயரத்தில் இதே கோட்டால் வெட்டுப்படும்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. சாமானின் கால் தரையைத் தொடும் இடத்திலிருந்து கண்மட்டக் கோடு வரைக்கும் உள்ள தூரம் 48 அங்குலத்துக்குச் சமம். டீப்பாயின் உயரம் 16 அங்குலம் என்றால் அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரவேண்டும். சோபாவின் முதுகு 32 அங்குலம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அறையில் எங்கே நகர்த்தினாலும் இந்த விகிதம் மாறாது.

என் ஹாலில் சோபாவின் பின்கால் 2400-ஆவது பிக்சலில் நின்றது. அங்கிருந்து கோட்டுக்கு 900 பிக்சல். அதில் மூன்றில் இரண்டு 600. ஆகவே அந்தக் காலுக்கு நேர் மேலே, முதுகின் உச்சி 1800-இல் முடிய வேண்டும். நான் ஒட்டியிருந்த சோபா 1640-இல் முடிந்தது. அதாவது சுமார் 40 அங்குல முதுகுள்ள சோபா. அண்ணனுக்கு இடித்தது அதில் ஒரு பாதி.

இன்னொரு பாதி, உட்காரும் பலகையின் மேற்பரப்பு எவ்வளவு தெரிகிறது என்பதில் இருந்தது. கேமராவைவிட உயரம் குறைந்த பொருளின் மேல்தளம் தெரியும். உயர்ந்த பொருளின் மேல்தளம் தெரியவே கூடாது. 6 அடி பீரோவின் தலைப்பலகை படத்தில் தெரிந்தால், அந்த பீரோவை யாரோ மாடிப்படியில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட படத்தை இழுத்துச் சுருக்கி, வளைத்துச் சரிசெய்ய முடியாது. மேலிருந்து பார்த்ததைக் கீழிருந்து பார்த்ததாக்கும் தகவல் அந்தப் படத்துக்குள் இல்லை. வேறு உயரத்தில் எடுத்த படத்தைத் தேட வேண்டும், அல்லது முப்பரிமாண மாடலுக்கு மாற வேண்டும். ஒரு நாள் முழுக்க இழுத்துப் பார்த்த பிறகுதான் நான் Blender பக்கம் போனேன்.

ஒரு எச்சரிக்கை. போன் கீழே பார்த்துச் சாய்ந்திருந்தால் கண்மட்டக் கோடு நடுவில் இராது, மேலே ஏறிவிடும். விகிதக் கணக்கும் கொஞ்சம் பிசகும். லேசான சாய்வுக்கு ஒப்பேற்றலாம். கதவு நிலைகள் கீழே குறுகுவது கண்ணுக்கே தெரிகிறது என்றால் இந்தக் கணக்கை நம்பாமல் நேராக fSpy-க்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 2: கோணம் சரி, ஆனால் சாமான் அறையை விழுங்குகிறது

fSpy-இல் கேமராவைக் கண்டுபிடித்து Blender-க்குள் கொண்டு வந்தாயிற்று. 7 அடி அகல சோபாவை வைத்தேன். தரையில் ஒழுங்காக உட்கார்ந்தது, கோடுகள் எல்லாம் ஓடவேண்டிய பக்கம் ஓடின. ஆனால் ஹாலே சோபாவாகிவிட்டது.

நிஜத்தில் இணையாக ஓடும் கோடுகள் படத்தில் போய்ச் சேரும் இடம்தான் மறையும் புள்ளி. கோணத்தை மறையும் புள்ளிகள் சொல்லிவிடும். அளவைச் சொல்லாது. அறை 16 அடியா 160 அடியா என்பது படத்துக்குத் தெரியாது. பொம்மை வீட்டைப் படம் எடுத்தாலும் அதே கோடுகள்தான் வரும். அதனால் fSpy-இல் `Reference distance` என்ற இடத்தில் நமக்குத் தெரிந்த ஒரு நீளத்தைக் கொடுக்கிறோம். நான் கதவைக் கொடுத்தேன். மூலப்புள்ளியை நிலையின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் வைத்து, அங்கிருந்து நேர் மேலே z அச்சில் நிலையின் உச்சி வரைக்கும் இழுத்து, "கதவு எப்போதும் 7 அடிதானே" என்று 7 போட்டேன்.

அந்தக் கதவுக்கு மேலே அதே நிலைக்குள் ஒரு கண்ணாடி வென்டிலேட்டர் இருந்தது. நான் இழுத்தது அதையும் சேர்த்து. மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தால் தரையிலிருந்து நிலையின் உச்சி வரை 9 அடி. 9 அடியை 7 அடி என்று சொன்னதால் அறை முழுவதும் அந்த விகிதத்தில் சுருங்கிவிட்டது. அதற்குள் நான் வைத்த 7 அடி சோபா, நிஜ ஹாலில் 9 அடி இடத்தை அடைத்துக்கொண்டது.

இதைக் கோத்தகிரிக்குத் திரும்பிப் போகாமலே கண்டுபிடித்திருக்கலாம். Blender-இல் கேமராவைத் தேர்ந்தெடுத்து N விசையை அழுத்தினால் அதன் இடம் எண்ணாகத் தெரியும். மூலப்புள்ளி தரையில் இருக்கும்போது அதில் Z என்பது தரையிலிருந்து கேமராவின் உயரம். என் ட்ரைபாடு 4 அடி. Blender காட்டியதோ 3.11 அடி. இந்த ஒரு எண்ணே பொய்யைக் காட்டிக் கொடுத்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. 7-ஐ 9 ஆக்கியதும் Z 4 அடிக்கு வந்து நின்றது.

ஆகவே இரண்டு அளவு எடுத்து வாருங்கள்: கேமரா உயரம் ஒன்று, அறைக்குள் ஏதாவது ஒரு நீளம் ஒன்று. ஒன்றைக் கொடுத்து மற்றதை வைத்துச் சரிபார்க்கலாம். பழைய மலை வீடுகளில் கதவு, ஜன்னல் அளவுகளை ஊகிக்கவே கூடாது. ஓனரிடம் போனில் கேட்டு அளக்கச் சொன்னால் "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்" எந்தக் கோடி என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நிலையின் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் நடுவில் நாலைந்து அங்குலம் போய்விடும்.

அளவு பிசகினால் அழகு மட்டும் கெடுவதில்லை. படத்தில் ஹாலுக்குள் சோபா செட்டும் ஆறு பேர் சாப்பாட்டு மேசையும் தாராளமாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரி வைத்து ஏற்றி வந்து, உள்ளே நுழையவில்லை என்றால், அவர் திட்டுவது படம் போட்டவரைத்தான். சுருக்கிய சாமானைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டச் சொல்லும் ஆட்களும் உண்டு. அதற்கு நான் உடன்படுவதில்லை.

அறிகுறி 3: ஒரு சுவரோடு பொருந்துகிறது, மற்றச் சுவரோடு கோணலாக நிற்கிறது

இதுதான் இந்த ஹாலில் எனக்கு அதிக நேரம் தின்ற கோளாறு. சோபாவின் பக்கவாட்டு விளிம்பு இடது சுவரோடு ஒழுங்காக ஓடுகிறது. முன்விளிம்பு எதிர்ச் சுவரோடு ஓடவில்லை, கத்தரிக்கோல் மாதிரி விரிகிறது. அதோடு சாமான் எல்லாம் ஏதோ கோலிக்குண்டு வழியாகப் பார்ப்பதுபோல இழுபட்டுத் தெரிகிறது.

fSpy-இல் இரண்டு ஜோடிக் கோடுகளைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் நிஜ அறையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள். முக்கியமான நிபந்தனை, முதல் ஜோடியின் திசைக்கும் இரண்டாவதின் திசைக்கும் நடுவே 90 பாகை இருக்க வேண்டும். அந்தச் செங்கோணத்தை நம்பித்தான் மென்பொருள் லென்ஸின் குவியத் தூரத்தைக் கணக்கிடுகிறது.

முதல் ஜோடிக்கு இடது சுவரின் அடிப்பட்டியையும் மேலே ஓடும் மரப்பட்டியையும் எடுத்தேன். சரி. இரண்டாவது ஜோடிக்கு எது பளிச்சென்று தெரிந்ததோ அதை எடுத்தேன்: பே விண்டோவின் ஒரு பக்கத்து ஜன்னலின் மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும். வெள்ளை பெயின்ட், வெளியே மூடுபனி, கோடு கத்தி மாதிரி இருந்தது. ஆனால் பே விண்டோவின் பக்கச் சட்டம் எதிர்ச் சுவருக்கு 45 பாகை சாய்ந்து நிற்கிறது. நான் மென்பொருளிடம் 45-ஐக் காட்டி 90 என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

மாட்டிக்கொண்டது எப்படி என்றால், fSpy வலது பக்கம் காட்டும் பார்வைக் கோணத்தால். என் போனின் 1x லென்ஸ், படத்தின் உள்விவரப்படி 35 மி.மீ. கணக்கில் 26 மி.மீ. இதைப் பார்க்க இந்தக் கட்டளை போதும்:

```
exiftool -FocalLengthIn35mmFormat -ImageSize hall.jpg
```

அந்தக் குவியத் தூரத்தை, அதாவது f-ஐ, பிக்சலுக்கு மாற்றுவது படத்தின் மூலைவிட்டத்தை வைத்து. 4000 × 3000 படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல்; 35 மி.மீ. ஃபிலிமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ.

```
f = 26 × 5000 / 43.3 ≈ 3000
பார்வைக் கோணம் = 2 × atan(2000 / 3000) ≈ 67°
```

கிடைமட்டப் பார்வைக் கோணம் 67 பாகைக்குப் பக்கத்தில் வரவேண்டும். fSpy 119 என்று காட்டியது. ஏன் அவ்வளவு என்பதைக் கையாலேயே பார்க்கலாம். கேமரா மட்டமாக இருக்கும்போது, படத்தின் நடுவிலிருந்து இடது மறையும் புள்ளிக்கு உள்ள தூரத்தையும் வலது மறையும் புள்ளிக்கு உள்ள தூரத்தையும் பெருக்கினால் f-இன் வர்க்கம் கிடைக்கும். என் படத்தில் வலது புள்ளி நடுவிலிருந்து சுமார் 1730 பிக்சல். எதிர்ச் சுவரின் நிஜமான புள்ளி படத்துக்கு வெளியே, இடது பக்கம் சுமார் 5200 பிக்சலில் இருந்தது. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 3000. பே விண்டோ சட்டம் காட்டிய புள்ளியோ இடது பக்கம் வெறும் 800 பிக்சலில், படத்துக்குள்ளேயே. அதைப் பெருக்கினால் f சுமார் 1180-க்கு இறங்கிவிடுகிறது. 1x லென்ஸை மென்பொருள் அகலக்கோண லென்ஸ் என்று நம்பிவிட்டது, சாமானையும் அப்படியே இழுத்தது.

சரிசெய்ய, எதிர்ச் சுவரின் அடிப்பட்டியையும், பே விண்டோ தொடங்கும் இடத்துக்கு மேலே நேராக ஓடும் உத்தரத்தின் அடிவிளிம்பையும் எடுத்தேன். மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனால் உண்மையான கோடுகள். கோணம் 68-க்கு வந்தது. ஒன்றிரண்டு பாகை வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பழைய சுவர்களே செங்கோணத்தில் இருப்பதில்லை.

மலை வீடுகளில் இதே மாதிரி ஏமாற்றும் இன்னொன்று சாய்ந்த சீலிங். தகரக் கூரைக்கு அடியில் சரிவாக அடித்த பலகைகளின் கோடுகள் நேர்த்தியாகத் தெரியும், இழுக்கவும் ஆசையாக இருக்கும். அவை கிடைமட்டமல்ல, அவற்றின் மறையும் புள்ளி கண்மட்டக் கோட்டில் விழாது. விட்டுவிடுங்கள். மரத்தரை உள்ள வீடுகள் அதிர்ஷ்டம். பலகை இணைப்புகளே ஒரு ஜோடி. ரெட் ஆக்சைடு தரையில் கோடே கிடையாது, சுவரோரத்தைத்தான் நம்ப வேண்டும்.

அறிகுறி 4: அறை நேராக நிற்கிறது, பீரோ மட்டும் வெளிப்பக்கம் சாய்கிறது

கதவு நிலை தூக்குக்குண்டு விட்டதுபோல நிற்கிறது. நாம் வைத்த பீரோவோ புத்தக அலமாரியோ தலைப்பக்கம் ஓரத்தை நோக்கிச் சாய்கிறது. நடுவில் வைத்தால் தெரியாது, ஓரத்துக்குப் போகப் போகத் தெரியும்.

இதைப் பார்த்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, "படத்தை வெட்டினீங்களா அண்ணா?" இதே ஹாலின் இரண்டாவது படத்தை அண்ணனே எடுத்து அனுப்பினார். சீலிங்கில் ஒரு ஈரக்கறை இருந்ததாம், பார்க்க நன்றாயில்லை என்று மேலே 600 பிக்சலை வெட்டிவிட்டார். மிச்சம் 4000 × 2400.

லென்ஸின் மையம் படத்தின் நட்டநடுவில் இருக்கிறது என்று fSpy எடுத்துக்கொள்கிறது. வெட்டாத படத்தில் அது 1500-ஆவது பிக்சல், கண்மட்டக் கோடும் அங்கேதான். மேலே 600 போனதும் கண்மட்டக் கோடு 900-க்கு வந்துவிட்டது, படத்தின் நடுவோ 1200-இல். கோடு நடுவுக்கு 300 பிக்சல் மேலே இருப்பதால், கேமரா கிட்டத்தட்ட 6 பாகை கீழே குனிந்து பார்த்தது என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும். குனிந்த கேமராவில் செங்குத்துக் கோடுகள் கீழே குறுகி மேலே விரியும். அதனால் பீரோ விரிகிறது. படத்தில் உள்ள கதவு, மட்டமான கேமராவில் எடுத்தது, நேராகவே நிற்கிறது.

வெட்டாத மூலப்படம் கிடைத்தால் அதை வாங்குவதே நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சுருங்காமலும் உள்விவரம் அழியாமலும் வரும். மூலப்படம் போய்விட்டது என்றால், GIMP-இல் `Image > Canvas Size` போய் உயரத்தை 3000 ஆக்கி, பழைய படத்தை அடிப்பக்கம் ஒட்ட நிறுத்துங்கள். மேலே 600 பிக்சல் வெறுமையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நடு மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது. இந்தப் படத்தில் வேலையை முடித்து, ரெண்டர் எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். எவ்வளவு வெட்டினார் என்று தெரியாவிட்டால், போன் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதம் என்பதை வைத்து மொத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். மேலே வெட்டினாரா கீழே வெட்டினாரா என்பதை அவரிடமே கேட்க வேண்டியதுதான்.

போனில் உள்ள "நிமிர்த்தும்" வசதியும் இதே வேலையைத்தான் செய்யும். சாய்ந்த செங்குத்துக் கோடுகளை நேராக்கி ஓரங்களை வெட்டித் தரும்; லென்ஸ் மையம் எங்கே போனது என்பது தெரியாது. நிமிர்த்த வேண்டும் என்றால் சாமான் வைத்து முடித்த பிறகு, சாமானோடு சேர்த்து நிமிர்த்துங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: அடிப்பட்டியின் மேல் ஸ்கேலை வைத்தால் அது வில்லாக வளைந்திருப்பது தெரிகிறது என்றால், அந்த லென்ஸ் வளைவை முதலிலேயே நீக்க வேண்டும். darktable-இல் உள்ள லென்ஸ் திருத்தம் போதும்.

அறிகுறி 5: ஓரத்தில் வைத்த வட்ட விளக்கு முட்டையாகிறது

இது பிழை இல்லை. அகலக்கோணப் படத்தின் ஓரத்தில் உருண்டை உண்மையிலேயே அப்படித்தான் விழும். 1x லென்ஸில் ஓரத்துக்கு வரும்போது 1.2 மடங்கு நீளும், கண் பொறுத்துக்கொள்ளும். 0.5x-இல் எடுத்த படத்தில் ஓரத்தில் 1.67 மடங்கு நீளும். கணக்குச் சரியாக இருந்தும் பார்க்க அசிங்கமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான். உருண்டையானதை நடுப்பக்கம் கொண்டுவாருங்கள், ஓரத்தில் பெட்டி வடிவச் சாமானை வையுங்கள். முடிந்தால் 0.5x-ஐத் தொடாமல் வாசல்படிக்கு வெளியே போய் நின்று 1x-இல் எடுங்கள்.

அறிகுறி 6: எல்லாம் பொருந்துகிறது, ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கிறது

இப்போதுதான் நிழலைத் திட்டலாம். முதலில் படத்தை நன்றாகப் பாருங்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? என் ஹாலில் வெளியே மூடுபனி. மூடுபனி நாளில் ஜன்னலே ஒரு பெரிய வெள்ளைப் பலகை மாதிரி ஒளிரும், வெயில் கீற்று எங்கும் இராது. நான் பழக்க தோஷத்தில் Blender-இல் சூரிய விளக்கைப் போட்டு, சோபாவுக்கு மதுரை மத்தியான நிழலைக் கொடுத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, பே விண்டோவின் மூன்று ஜன்னல்களும் இருக்கும் இடத்தில், அதே அளவில் மூன்று பரப்பு விளக்குகளை வைத்தேன். நிழல் மெத்தென்று விழுந்தது, கால் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் கறுத்தது. அந்தக் கறுப்புத்தான் காலை ஊன்ற வைக்கிறது. ரெண்டர் எஞ்சினை Cycles-க்கு மாற்றி, தரைக்கு ஒரு தளத்தை வைத்து அதற்கு `Shadow Catcher` போட்டால் நிழல் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஒரு காலை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். காலுக்கும் நிழலுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சாமான் தரைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கிறது. மாடலின் அடிப்பாகம் Z பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள்.

ரெட் ஆக்சைடு தரையில் நிழல் மட்டும் போதாது. பல வருடம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகியிருக்கும். படத்தில் கதவின் பிரதிபலிப்பு தரையில் லேசாகத் தெரிகிறது, பக்கத்தில் நிற்கும் சோபாவுக்கு மட்டும் இல்லை. அந்த ஒன்றே ஸ்டிக்கர் என்று சொல்லிவிடும். சோபா லேயரை GIMP-இல் தலைகீழாகப் புரட்டி அடியில் வைப்பது ஏமாற்று வேலை, அதிலும் அரைகுறை ஏமாற்று; தரை காட்டுவது சோபாவின் அடிப்பக்கத்தையும், நமக்கு நேரில் தெரியாத கோணத்தையும். Blender-இலேயே செய்யுங்கள். சாமானை நகலெடுத்து, சுழல்மையத்தை தரை மட்டத்தில் உள்ள 3D கர்சருக்கு மாற்றி, S, Z, -1, Enter. சாமான் தரைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். தரைத் தளத்தை மறைத்துவிட்டு அதை மட்டும் தனியாக ரெண்டர் எடுத்து, லேசாக மங்கலாக்கி, 10 முதல் 15 சதவீத அளவில் சோபாவுக்கு அடியில் வையுங்கள். எவ்வளவு என்பதற்குக் கதவின் பிரதிபலிப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரிவது என்பது கண்ணாடிக்குப் பின்னால் புரட்டி வைத்த பொருளேதான் என்பதால் கோணம் தானாகவே பொருந்திவிடும்.

நிறம் வெளிறினால் சுருக்கமான காரணம் உண்டு. Blender-இன் `View Transform` முன்னிருப்பாக AgX-இலோ பழைய பதிப்புகளில் Filmic-இலோ இருக்கும். புகைப்படத்தை அதற்குள் விட்டால் பனி மூடியதுபோல ஆகிவிடும். `Standard`-க்கு மாற்றி, `Film > Transparent` போட்டு, சாமானை மட்டும் PNG-யாக எடுத்து, புகைப்படத்தின் மேல் GIMP-இல் வையுங்கள். புகைப்படத்தின் நிறத்தை யாரும் தொடவில்லை.

அண்ணன் கேட்ட கடைசித் திருத்தம்

எல்லாம் முடிந்து படத்தை அனுப்பினேன். இந்த முறை அவர் இடிக்கிறது என்று சொல்லவில்லை. "அந்தக் கணப்புக்குப் பக்கத்துல இருக்கிற ஓதத்துக்கு முன்னாடி ஒரு பீரோவ நிறுத்திடு தம்பி" என்றார். கணப்பின் வலது பக்கம் தரையிலிருந்து மூன்றடி வரை சுவர் ஊறி பெயின்ட் உப்பியிருந்தது. மழை மாதங்களில் நீலகிரியில் அந்த மாதிரிச் சுவர் அபூர்வமில்லை.

பீரோவை நிறுத்துவது இப்போது இரண்டு நிமிட வேலை, கோணமும் அளவும் கச்சிதமாக வரும். நிறுத்தவில்லை. வாங்குகிறவர் நேரில் வரும்போது பீரோ இராது, ஓதம் இருக்கும். "அண்ணா, அந்த மூலைய மட்டும் காலியாவே விடுறேன். காலி ஹால் படத்தையும் கூடவே போடுங்க, சாமான் கம்ப்யூட்டர்ல வச்சதுன்னு கீழ ஒரு வரி எழுதிடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த டீப்பாய் மேல ஒரு டீ கப்பாவது வை" என்றார். வைத்தேன். 3 அங்குலக் கப்பு, 16 அங்குல டீப்பாய் மேல். டீப்பாயின் கால் 2700-இல் நிற்கிறது, கோட்டுக்கு 1200 பிக்சல், 19 அங்குலத்துக்கு 475. கப்பின் விளிம்பு 2225-இல்.